மூடிய வாய்க்கு ஒரு கத்தல்

மறுபடியும் அவன் சுத்தியலை ஓங்குகிறான். வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, உதட்டில் இரண்டு ஆணிகளைக் கவ்வியிருக்கிறான். கல்யாணப் பெண் சுவரோடு ஒட்டி நிற்கிறாள், கழுத்து மாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அவள் தோளுக்குக் கீழே ஆணியின் முனையை வைத்து, இடம் சரிதானா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறான், சாமி படம் மாட்டப் போகிறவனைப் போல. அடிக்கிறான். அவள் வாய் திறக்கிறது. காதில் மாட்டின ஹெட்ஃபோனில் மூன்று பீப் வந்து முடிந்து, நாலாவது வர வேண்டிய இடத்தில் என் குரல் போய் உட்காருகிறது, மைக்கைவிட்டு ஓரடி பின்னால் போய், முகத்தைச் சற்றுத் திருப்பி, அடிவயிற்றிலிருந்து. கத்தி முடித்துப் பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் தம்பி தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்கிற ஆட்டல். எத்தனை தடவைதான் வேண்டாம்? சாலிகிராமத்து டப்பிங் தியேட்டர்களில் கத்தல் என்றால் பூங்காவனம் என்றுதான் சொல்வார்கள். கதாநாயகிக்கு வசனம் பேச வேறு பெண் வருவாள், படித்தவள், மூக்கால் பேசுவாள். அவளைக் கொல்லும்போது மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். எரிந்திருக்கிறேன், கிணற்றில் விழுந்திருக்கிறேன், ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏரியில் மூழ்கியிருக்கிறேன். கழுத்தை நெரித்தால் என் கையாலேயே என் தொண்டையைப் பிடித்துக்கொள்வேன், அப்போதுதான் அந்த அறுபடுகிற மூச்சு வரும். வயிற்றில் கத்தி இறங்கினால் பெரிய சத்தம் வராது, யாரும் நம்பமாட்டார்கள், சின்னதாக ஒரு ஆச்சரியம்தான் வரும், என்னது இது என்று கேட்கிற மாதிரி. கன்னத்தில் அறைந்தால் மூச்சு வெளியே போக வேண்டும், உள்ளே இழுக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாவதோடு நின்றவளுக்கு வேறு என்ன தெரியும், இது தெரியும். ஆனால் இன்றைக்கு இந்தப் படம் என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறது, தொண்டை இருக்கும்போதே.

போன் வெளியே சவுண்ட் எஞ்சினியர் ஸ்டீபனின் மேசையில் இருக்கிறது. உள்ளே போனை எடுத்து வரக் கூடாது, அது இங்கே சட்டம், துடித்தாலும் மைக்கில் ஏறிவிடும். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். கறுப்பாக, கவிழ்த்து வைக்காமல், முகம் மேலே பார்க்க வை ஸ்டீபா என்று சொல்லிவிட்டு வந்தேன். என் பெண் ஹேமா கூப்பிட வேண்டும். இல்லை, நான்தான் கூப்பிட வேண்டும். காலையில் சொல்கிறேன் என்று நேற்று நான்தானே சொன்னேன். "ம்மா, நான் அங்க வந்துரட்டுமா?" என்று கேட்டாள். ஓசூரிலிருந்து, மிக்ஸி ஓடுகிற சத்தத்துக்கு நடுவில். வந்துரட்டுமா என்றால் எத்தனை நாளைக்கு, எதற்கு, மாப்பிள்ளையோடா தனியாகவா என்று நான் அடுக்கினேன். அவள் குக்கர் மூடி சரியாக உட்காரவில்லை என்றாள். அதற்கும் இதற்கும் என்னடி சம்பந்தம் என்று கேட்டேன். சும்மா சொன்னேம்மா என்றாள். எனக்குக் கோபம் வந்தது. கோர்வையாகச் சொல்லத் தெரியாதா இந்தப் பெண்ணுக்கு, காலேஜ் வரை படிக்க வைத்தேனே. காலையில யோசிச்சு சொல்றேன் என்று வைத்துவிட்டேன். காலையில் எழுந்து வெந்நீர் குடித்தேன், உப்புப் போட்டுக் கொப்பளித்தேன், தயிரைத் தொடவில்லை, சளி கட்டிவிடும், பஸ் பிடித்தேன், வந்தேன். யோசிக்கவில்லை. யோசித்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று ஒரு பயம். தொண்டைதானே எனக்கு எல்லாம்.

"அக்கா," என்று காதுக்குள் டைரக்டர் தம்பி பேசுகிறது. இளம்பரிதி என்று பேர். தாடி, கசங்கின சட்டை, ஆனால் மரியாதை தெரிந்த பிள்ளை. "அவ வாய் திறக்கிறப்ப சத்தம் வேணாங்க்கா. அங்க வெறும் அமைதி." வாய் திறந்திருக்கிறதே தம்பி, ஆணி இறங்குகிறதே, வலிக்குமே. "வலிக்கும். ஆனா சத்தம் அங்க வராது." பிறகு எங்கே வரும்? "அடுத்த ஷாட்ல." அடுத்த ஷாட்டில் வாயே திறக்கவில்லையே! அதைத்தான் நான் இவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன். அடுத்தது சுவருக்கு மறுபக்கம். வேறு அறை. ஒரு அம்மா. அந்தக் கல்யாணப் பெண்ணாக நடித்தவளேதான் நரைத்த தலையோடு அம்மாவாகவும் நிற்கிறாள், அதுவே எனக்கு முதலில் குழப்பம். இந்தப் பக்கம் அடித்த ஆணியின் முனை சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வெளியே வருகிறது. அம்மாக்காரி அதைப் பார்க்கிறாள், தலையைச் சாய்த்து, பரவாயில்லையே என்பது போல. கையில் வைத்திருந்த தினசரிக் காலண்டரை எடுத்து அதில் மாட்டுகிறாள். ஒரு தாளைக் கிழிக்கிறாள். காலண்டருக்குக் கீழே சுவரிலிருந்து ரத்தம் வழிகிறது, முந்தானையால் துடைக்கிறாள், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிற மாதிரி. வாய் இறுக்கமாக மூடியிருக்கிறது. அங்கே நான் கத்த வேண்டுமாம். "எனக்கு ஒரு ரூட்டும் புரியல தம்பி," என்கிறேன். ஸ்டீபன் சிரிக்கிறான். "பூங்காக்கா, உங்களுக்காவது பரவால்ல. நான் இத முப்பது தடவ பாத்துட்டேன், வூட்டுக்குப் போனா என் சுவத்த நானே மொறைச்சிட்டு நிக்கிறேன்." "நீ ஏன் மொறைக்கிற, உன் பொண்டாட்டி உன்ன மொறைக்கட்டும்," என்கிறேன். சிரிப்பு வந்து தொண்டை இளகுகிறது. நல்லதுதான்.

நான் பார்த்த கனவெல்லாம் வேறு. நம் படங்களில் கனவுக்கு வாசலும் உண்டு கொல்லையும் உண்டு. புகை வரும், மெதுவாக ஓடுவார்கள், குரலுக்கு எதிரொலி போடுவார்கள், பிறகு கட்டிலிலிருந்து தொப்பென்று விழுவான், அவன் அம்மா வந்து ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றுவாள். எப்போது உள்ளே போனோம் எப்போது வெளியே வந்தோம் என்று தெரியும். கனவில் செத்தால் கொஞ்சம் அளவாகவே கத்துவேன், இது சும்மாதானே என்று. இந்தப் படத்தில் புகை இல்லை. வெயில் வெயிலாகவே அடிக்கிறது, பாத்திரம் பாத்திரமாகவே இருக்கிறது, கொசுவர்த்திகூட எரிகிறது. கல்யாணப் பந்தியில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் ஆணி பரிமாறுகிறார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஒருவர் இன்னும் கொஞ்சம் போடச் சொல்கிறார். பொண்ணு பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸுக்குள்ளே சமையலறை இருக்கிறது. யாரும் விழிக்கவில்லை. கடைசிவரை யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. முதல் தடவை முழுசாகப் போட்டுக் காட்டியபோது பாதியில் எழுந்து கழிவறைக்குப் போய்விட்டேன், முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன், இது என்ன பைத்தியக்காரப் படம் என்று. பைத்தியம் என்று சொன்னால் எழுந்து போய்விடலாம், அது ஒரு வசதி. ஹேமா போன வருஷம் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது பீரோ கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். ஓசூர் வீட்டில் பீரோ தள்ளுகிற கதவு, திறக்கிற கதவு இல்லை. நான் போய்ப் பார்த்திருக்கிறேனே. அப்போதும் எனக்கு உள்ளே ஒன்று எழுந்து கழிவறைக்குப் போய்விட்டது.

"அக்கா, ஒண்ணு செய்ங்க," என்கிறது தம்பி, உள்ளே வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு. "ஏன் ஏன்னு கேக்காதீங்க. ஏன்னு கேட்டா படம் மூடிக்கும். எது எதோட ஒட்டுதுன்னு மட்டும் பாருங்க." ஸ்டீபன் முதலிலிருந்து ஓட்டுகிறான், சத்தம் இல்லாமல். பார்க்கிறேன். பஸ் சமையலறையில் அவன் கை ஓங்குகிறது, அறையப் போகிறான், கை மேலே போகிற இடத்தில் வெட்டு, கீழே இறங்குவது வேறு ஒரு கை, அம்மாவின் கை, சப்பாத்தி மாவைத் தட்டுகிறது. அறை விழவே இல்லை. ஆனால் மாவு அதிர்கிறது. என் கன்னம் சுரீர் என்கிறது. "பாத்தீங்களா, ஓங்கினது ஒருத்தன், இறங்குனது இன்னொருத்தி. கதையில ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. அசைவுல இருக்கு." சரி. "இன்னொண்ணு, திரும்பத் திரும்ப என்ன வருதுன்னு பாருங்க." காலண்டர் வருகிறது. பந்தியில் பின்னால் தொங்குகிறது, பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே, சுவரில். கிழித்தாலும் கிழித்தாலும் அதே தேதி. அட, இதை நான் பார்க்கவே இல்லை. சரி, அந்த ஆணிதான் அவள் புருஷன், காலண்டர்தான் அவள் வாழ்க்கை, அப்படித்தானே என்கிறேன், பள்ளிக்கூடத்தில் விடை சொல்கிற மாதிரி. தம்பி முகத்தைச் சுளிக்கிறது. "அப்படி மாத்திடாதீங்க அக்கா. ஆணின்னா ஆணி. இரும்பு. மொதல்ல அது உள்ள போறதப் பாருங்க. அர்த்தம் கண்டுபிடிச்சதும் வலி போயிடுது, கவனிச்சிருக்கீங்களா?" கவனித்தேன். இப்போதுதான் கவனித்தேன், சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, கணக்கு முடிந்த மாதிரி. அந்தப் பெண்ணின் தோளிலிருந்து என் கண் விலகிவிட்டது.

"கனவுல அழுக எங்க வரும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்கிறது. "செத்த எடத்துல வராது. ஒரு டம்ளர் கீழ விழுந்தா அதுக்கு வரும். வலி ஒரு எடத்துல இருக்கும், சத்தம் இன்னொரு எடத்துல போய் ஒக்காந்துக்கும்." இப்போது சத்தத்தோடு ஓட்டச் சொல்கிறது. பந்தி. டக், டக், டக் என்று ஒன்று கேட்கிறது. இலைக்கு அடியிலிருந்தா, பந்தலுக்கு வெளியிலிருந்தா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸிலும் அதே டக் டக். சக்கரம் என்று நினைத்தேன். அப்புறம்தான் சுவர், அப்புறம்தான் சுத்தியல். சத்தம் படத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. படம் பின்னாலேயே ஓடி வந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. நான் சத்தத்திலேயே பிழைக்கிறவள், இதை விட்டுவிட்டேன். உதட்டையே பார்த்துப் பழகின கண். எந்த வாய் திறந்தாலும் நிரப்பிவிட வேண்டும், எங்கள் வேலையில் அது பழக்கம். கூட்டத்தில் கடைசியில் நிற்கிறவள் வாய் அசைந்தாலும் ஏதாவது ஒன்றைப் போட்டு மூடுவோம், ஐயோ பாவம், அடக் கடவுளே, யாராவது வாங்களேன். வாய் சும்மா திறந்து கிடந்தால் படம் பார்க்கிறவனுக்கு உறுத்தும். சத்தம் அந்தக் காட்சியோடதாக இல்லாவிட்டால் ஸ்டீபன் உடனே கண்டுபிடித்துவிடுவான், அக்கா இது வெளிய இருந்து வருது என்பான். வெளியே இருந்து வருகிற சத்தம். மிக்ஸி.

மிக்ஸி. நேற்று மிக்ஸி ஓடியது. ராத்திரி சாப்பாடெல்லாம் முடிந்த நேரம், அப்போது என்ன அரைத்தாள்? அதற்கு முன்னால் கூப்பிட்டபோதும் ஓடியது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டோம் என்று அவளே சொன்னாள், மிக்ஸி ஓடியது. கை கட்டுப் போட்டிருந்தபோதும், ஒரு கையால் எப்படி ஜாரை மூடினாள், ஓடியது. பல் ஆடுகிறது என்று சொன்ன அன்றைக்கும். உள்ளே எதுவும் இல்லாத ஜாருக்கு ஒரு சத்தம் உண்டு, லேசாக, மேலே ஏறி வழுக்குகிற சத்தம், தேங்காயோ மிளகாயோ இருந்தால் கனமாக இழுக்கும். அது வெறும் ஜார். ஐயோ, அது வெறும் ஜார். பக்கத்து அறையில் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குக் கேட்கக் கூடாது. வெறும் ஜாரை ஓடவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டு என் பெண் வாயைத் திறந்திருக்கிறாள். திறந்த வாயை நான் என்ன செய்தேன்? விழுந்துட்டியா, என்று கேட்டது நான். அவள் ம் என்றாள். பாத்ரூம்ல வழுக்கிடுச்சா, என்றது நான். ம். பீரோ கதவா, என்றதுகூட நான்தானே? அவள் கதவு என்றுதான் ஆரம்பித்தாள், கதவு, என்று சொல்லி நிறுத்தினாள், அந்த நிறுத்தம் எனக்கு உறுத்தியது, பீரோ கதவாடி என்று நான் போட்டு மூடினேன். உதட்டுக்குச் சரியாக உட்கார்ந்தது. அவள் ஆமாம்மா என்றாள். இரண்டு வருஷமாக அவளுக்கு நான் டப்பிங் பேசிக்கொண்டிருக்கிறேன். மாப்பிள்ளை பிரபாகர் நல்ல பையன், கோபம் கொஞ்சம் வரும், யாருக்குத்தான் வராது, என்று அதையும் நானே. ஆணி நுனி சுவரைத் துளைத்துக்கொண்டு என் பக்கம் வந்து நின்றது, நான் அதில் காலண்டர் மாட்டினேன். ஆடி கழியட்டும், தீபாவளி கழியட்டும், பொங்கலுக்கு வாடி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் வெளிச்சம் போடுகிறது. நீலமாக. மேசையில் ஒரு சுற்று நகர்கிறது. ஸ்டீபன் எடுத்துப் பார்த்து, கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டுகிறான், பொண்ணு என்று உதட்டை அசைக்கிறான், சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும். நான் கையைக் காட்டுகிறேன், ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, தம்பி வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டது, காதில் பீப். ஏன் கையைக் காட்டினேன்? ஓடி இருக்கலாமே. கால் நகரவில்லை, இத்தனை வருஷப் பழக்கம், சிவப்பு எரிந்தால் நின்றுவிடும் கால். அவன் ஓங்குகிறான். ஆணி தோளில். என் ஹேமா தோள், எலும்பு தெரிகிற தோள். ஏன் என்று கேட்காதே பூங்காவனம். இரும்பு உள்ளே போகிறதைப் பார். அடி. வாய் திறக்கிறது. நிரப்பாதே. நாக்கைக் கடித்துக்கொள். திறந்த வாயை அப்படியே பார், உள்ளே பல், உள்நாக்கு, இருட்டு, எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம் திறந்து வைத்திருக்கிறாள், சத்தமே இல்லாமல், அதைப் பார்ப்பதுதான் எவ்வளவு கஷ்டம், என் தொண்டை நரம்பெல்லாம் முன்னால் ஓடுகிறது, பிடித்து இழுத்து வைக்கிறேன். வெட்டு. அம்மாக்காரி. முனையைப் பார்க்கிறாள். தலையைச் சாய்க்கிறாள், சீ, நாயே, தலையைச் சாய்க்காதே, அதை உருவு, மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார். மாட்டுகிறாள். கிழிக்கிறாள். அவள் மூடிய உதட்டுக்கு மேலே என் வாய் திறந்துகொண்டது. என்ன சத்தம் அது என்று எனக்குத் தெரியவில்லை. எரிந்தபோது வந்ததில்லை, மூழ்கியபோது வந்ததில்லை. பின்னால் போக வேண்டும், முகத்தைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் மறந்து மைக்கின் முகத்திலேயே கத்தினேன். மூச்சு தீர்ந்தது, தீர்ந்த பிறகும் ஏதோ வந்தது, வாந்தி மாதிரி. திரையில் அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொண்டையில் உப்பு. விளக்கு அணைந்தது.

ஸ்டீபன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். "அக்கா, மீட்டர் முள்ளு செவப்புக்குப் போயிடுச்சு. ஒடைஞ்சிருக்கும் சவுண்டு." "ஒடையட்டும், அதுதான் வேணும்," என்கிறது தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சேஃப்டிக்கு இன்னொண்ணு மட்டும் எடுத்துக்கலாங்க்கா." நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து ஸ்டீபன் கையிலிருந்து போனைப் பிடுங்குகிறேன். எண் தப்புகிறது, மறுபடி. அடிக்கிறது, அடிக்கிறது, எடுக்கிறாள். மிக்ஸி. வெறும் ஜார், மேலே ஏறி வழுக்குகிற சத்தம், பட்டப்பகலில். "ம்மா," என்கிறாள். நான் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. குக்கரா கதவா என்று எடுத்துக் கொடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். கண்ணாடிக்குள் திரையில் அந்த அம்மாக்காரி காலண்டரைப் பிடித்தபடி உறைந்து நிற்கிறாள், ஸ்டீபன் அங்கேயே நிறுத்திவிட்டிருக்கிறான். மிக்ஸி ஓடுகிறது. ஓடட்டும். திறந்திருக்கட்டும் அந்த வாய். எவ்வளவு நேரமோ. பிறகு டக்கென்று மிக்ஸி நிற்கிறது, அவள்தான் நிறுத்துகிறாள், ஐயோ, அவனுக்குக் கேட்குமே. "அவரு வீட்லதான் இருக்காரும்மா," என்கிறாள் மெதுவாக. "வாசக்கதவ உள்ளேர்ந்து பூட்டிட்டு ஒக்காந்திருக்காரு. சாவி அவர்ட்ட." அவ்வளவுதான். கோர்வையாக இருந்தது. எப்போதுமே கோர்வையாகத்தான் இருந்திருக்கிறது.

"பூட்டியே இருக்கட்டும்டி," என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, கரகரவென்று, கல்லை இழுக்கிற மாதிரி. "நீ சமையல்கட்டு ஜன்னல மட்டும் தெறந்து வச்சிட்டு அதும் பக்கத்துலயே நில்லு. கீழ் வீட்டம்மா நம்பர் எங்கிட்ட இருக்கு, இப்பவே போன் போட்டு மேல அனுப்புறேன், போலீசுக்கும் சொல்றேன். நானும் பஸ் ஏறிட்டேன்னு வச்சிக்க." "நீ வந்து என்னம்மா பண்ணுவ?" என்கிறாள் அழுதுகொண்டே, அழுகை சரியான இடத்தில்தான் வருகிறது. "அவரு தெறக்க மாட்டாரு." "உங்க தெருவுல நின்னு கத்துவேன்," என்கிறேன். "ஒரு வீடு பாக்கி இல்லாம எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் கத்துவேன். எனக்குக் கத்த வரும்டி." இளம்பரிதி எதுவும் கேட்காமல் போய் வண்டிச் சாவியை எடுத்துக்கொள்கிறது. ஸ்டீபன் மட்டும், பாவம், பழக்கதோஷம், "அக்கா அந்த இன்னொரு டேக்கு?" என்கிறான். இல்லப்பா. இருக்கிற தொண்டையை ஓசூருக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.